நான்கு சுவிட்சுகளும் நிற்க மறுக்கும் மின்னோட்டமும்

சிறிய டி.சி. மோட்டார் ஒன்றின் இரண்டு கம்பிகளையும் பேட்டரியின் முனைகளில் வைத்தால் அது சுழல்கிறது. கம்பிகளை இடம் மாற்றி வைத்தால் எதிர்ப்பக்கம் சுழல்கிறது. ஒரு கம்பியை வைத்து வைத்து எடுத்தால் மோட்டார் விட்டுவிட்டுத் தள்ளப்பட்டு மெதுவாக ஓடுகிறது. எச் பாலம் என்று அழைக்கப்படும் சுற்று செய்வதும் இதைத்தான். கைகளுக்குப் பதிலாக நான்கு சுவிட்சுகள் இருக்கின்றன, அவை நம் கையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாக இயங்குகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பாலத்தை விளக்கும் படங்கள் பெரும்பாலும் இரண்டு அம்புக்குறிகளோடு முடிந்துவிடுகின்றன: முன்னோக்கி ஓடும்போது மின்னோட்டம் இப்படிப் போகும், பின்னோக்கி ஓடும்போது அப்படிப் போகும். இரண்டும் சுவிட்சுகள் போட்டிருக்கும் நிலையைக் காட்டுபவை. ஆனால் பாகங்கள் எரிவதும், மோட்டார் முனகிக்கொண்டே நிற்பதும், வேகக் கட்டுப்பாடு கோணலாகப் போவதும் சுவிட்சை அணைத்த பிறகு நடப்பவற்றால்தான். ஆகவே இங்கே ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறேன்: சுவிட்சை அணைத்த பிறகு மின்னோட்டம் எங்கே போகிறது?

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாடநூல்கள் சுவிட்ச் 'மூடியிருக்கிறது', 'திறந்திருக்கிறது' என்று எழுதும். மூடினால் மின்சாரம் போகும், திறந்தால் போகாது என்பது குழாயைத் திறந்து மூடிப் பழகிய நமக்குத் தலைகீழாகத் தோன்றும். நான் 'போடுவது', 'அணைப்பது' என்றே எழுதுகிறேன்.

பாலத்தின் வடிவம்

எச் என்ற ஆங்கில எழுத்தின் குறுக்குக் கோட்டில் மோட்டாரை வையுங்கள். இடது காலில் மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒன்று. வலது காலிலும் அப்படியே. இரு கால்களின் மேல் நுனிகளும் பேட்டரியின் நேர்முனையில் சேர்கின்றன, கீழ் நுனிகள் எதிர்முனையில் சேர்கின்றன. நான்கையும் இடமேல், இடக்கீழ், வலமேல், வலக்கீழ் என்று அழைப்போம்.

இடமேல் சுவிட்சையும் வலக்கீழ் சுவிட்சையும் போட்டால் மின்னோட்டம் மோட்டாருக்குள் இடமிருந்து வலமாகப் போகிறது. வலமேல், இடக்கீழ் இரண்டையும் போட்டால் வலமிருந்து இடமாகப் போகிறது. மேல் சுவிட்சுகள் இரண்டை மட்டுமோ, கீழ் சுவிட்சுகள் இரண்டை மட்டுமோ போட்டால் மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். அப்போது சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டராகி, தன் சொந்த மின்னோட்டத்தாலேயே தன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். இதுதான் பிரேக். நான்கையும் அணைத்தால் மோட்டார் தன்போக்கில் ஓடி ஓய்ந்து நிற்கும்.

செய்யவே கூடாத ஒன்று, ஒரே காலின் மேல், கீழ் சுவிட்சுகளைச் சேர்த்துப் போடுவது. அப்போது மோட்டாருக்கு வேலையே இல்லை. நேர்முனையும் எதிர்முனையும் இரண்டு சுவிட்சுகள் வழியாக நேரடியாகச் சந்திக்கின்றன. இந்தக் குறுக்கோட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சுவிட்ச் என்று சொல்வது உண்மையில் டிரான்சிஸ்டரையோ மாஸ்ஃபெட்டையோதான். நான்கையும் தனித்தனியாக வாங்கிக் கோக்கலாம், அல்லது நான்கும் ஒரே சில்லுக்குள் அடங்கியதை வாங்கலாம். தொடக்கத்தில் சில்லு வாங்குவதே நல்லது. மேல் சுவிட்சுகளைச் சரியாக இயக்குவது தனிக்கலை. அதில் மாட்டிக்கொண்டால் மோட்டார் பற்றிக் கற்க வந்தது மறந்துபோகும்.

ஒரு மோட்டாரை மேசையில் வைப்போம்

கணக்குப் போட ஒரு மோட்டார் வேண்டும். 6 வோல்ட்டில் ஓடும் ஒரு சிறு மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதன் சுருளின் மின்தடை 5 ஓம். சுமை இல்லாமல் ஓடும்போது 0.2 ஆம்பியர் எடுக்கிறது. தண்டை விரலால் பிடித்து நிறுத்தினால் 6-ஐ 5-ஆல் வகுத்து 1.2 ஆம்பியர் எடுக்கும்.

ஓடும்போது ஏன் 0.2 மட்டும்? சுழலும் சுருள் தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது; வேகம் கூடக்கூட அதுவும் கூடும். 0.2 ஆம்பியர் 5 ஓமில் 1 வோல்ட்டைத்தான் செலவழிக்கிறது. மீதி 5 வோல்ட்டை அந்த எதிர் மின்னழுத்தம் தாங்கிக்கொள்கிறது. இந்த 5 வோல்ட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திசை மாற்றும்போது திரும்பி வரும்.

சுருளுக்கு இன்னொரு குணமும் உண்டு: மின்தூண்டல். நம் மோட்டாரில் அதன் அளவு 2 மில்லிஹென்றி என்று வைப்போம். பாரமான சக்கரத்தைச் சட்டென்று சுழற்றவும் முடியாது, சட்டென்று நிறுத்தவும் முடியாது. சுருளில் ஓடும் மின்னோட்டமும் அப்படித்தான். 1 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவிட்சை ஒரு மைக்ரோவினாடியில் அணைக்க முயன்றால், அந்த மின்னோட்டத்தை விடாமல் ஓட்டுவதற்காகச் சுருள் தன் முனைகளில் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். சூத்திரப்படி 2 மில்லிஹென்றியை 1 ஆம்பியரால் பெருக்கி ஒரு மைக்ரோவினாடியால் வகுத்தால் 2,000 வோல்ட். நடைமுறையில் அவ்வளவு உயராது, ஏனென்றால் அதற்கு முன்பே ஏதோ ஒன்று உடைந்து வழிவிட்டுவிடும். சாதாரணச் சுவிட்சாக இருந்தால் அது ஒரு தீப்பொறி. டிரான்சிஸ்டராக இருந்தால் டிரான்சிஸ்டரே போய்விடும்.

ஒரு டையோடு போதாது

ஒரே பக்கம் சுழலும் மோட்டாருக்கு இதைத் தீர்ப்பது எளிது. மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றை மோட்டாரின் முனைகளுக்குக் குறுக்கே தலைகீழாக இணைத்தால் போதும். மோட்டார் ஓடும்போது டையோடு சும்மா இருக்கும். சுவிட்சை அணைத்ததும் சுருளின் மின்னோட்டம் டையோடு வழியாகச் சுற்றிச் சுற்றி வந்து தணியும். ஃப்ளைபேக் டையோடு என்பது இதுதான். ரிலேயை இயக்கிப் பழகியவர்களுக்கு இது கைப்பழக்கம்.

நான் முதன்முதலாகப் பாலம் கட்டியபோது அந்தக் கைப்பழக்கத்தில் மோட்டாரின் குறுக்கே ஒரே ஒரு டையோடை வைத்துவிட்டேன். முன்னோக்கி அழகாக ஓடியது. திசையை மாற்றினேன், மோட்டார் அசையவே இல்லை. நிரலில் தவறு என்று நினைத்து வெகுநேரம் வரி வரியாகத் தேடினேன். தற்செயலாக டையோடின் மேல் விரல் பட்டபோதுதான் புரிந்தது, தொட முடியாதபடி கொதித்துக்கொண்டிருந்தது. திசை மாறியதும் 'தலைகீழ்' டையோடு நேராகிவிட்டது. பேட்டரியின் மின்னோட்டம் மோட்டாரை விட்டுவிட்டு, எளிய வழியான டையோடில் பாய்ந்தது. மோட்டாருக்கு மிஞ்சியது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு.

இரு பக்கமும் சுழல வேண்டுமென்றால் டையோடு மோட்டாருக்குக் குறுக்கே இருக்கக் கூடாது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் குறுக்கே ஒன்று என நான்கு வேண்டும். சரியாக இணைத்திருக்கிறோமா என்று பார்க்க ஓர் எளிய வழி: படத்தில் நேர்முனை மேலே இருந்தால், நான்கு டையோடுகளின் வெள்ளிக் கோடும் மேலே பார்த்திருக்க வேண்டும். ஒன்று கீழே பார்த்தாலும், அதே காலின் மற்ற சுவிட்சைப் போடும்போது அது பேட்டரிக்கு நேர்வழி திறந்துவிடும்.

இப்போது மின்னோட்டத்தைப் பின்தொடர்வோம். இடமேலும் வலக்கீழும் போட்டிருக்கின்றன, மோட்டாரில் இடமிருந்து வலமாக 1 ஆம்பியர் ஓடுகிறது. நான்கையும் சட்டென்று அணைக்கிறோம். சுருள் அதே திசையில் 1 ஆம்பியரை ஓட்டியே தீருவேன் என்கிறது. மோட்டாரின் வலமுனையிலிருந்து வெளியே வரும் மின்னோட்டத்துக்கு மேலே போக வலமேல் டையோடு இருக்கிறது. அது நேர்முனைக்குப் போய்ச் சேருகிறது. மோட்டாரின் இடமுனைக்கு உள்ளே போக வேண்டிய மின்னோட்டம் எதிர்முனையிலிருந்து இடக்கீழ் டையோடு வழியாக வருகிறது. ஆக, எதிர்முனையிலிருந்து வெளியேறி நேர்முனைக்குள் நுழைகிறது. பேட்டரியில் மின்னோட்டம் பின்பக்கமாகப் பாய்கிறது. சுருளில் இருந்த ஆற்றல் மூலத்துக்கே திரும்பிப் போகிறது.

பேட்டரி இதை வாங்கிக்கொள்ளும். ஆனால் சுவர் அடாப்டர்கள் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளாது. கொடுக்க மட்டும் தெரிந்தவை அவை. அப்போது திரும்பி வரும் ஆற்றல் பாலத்தின் அருகே இருக்கும் மின்தேக்கியில்தான் போய் விழ வேண்டும். எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 1 ஆம்பியர் ஓடும் 2 மில்லிஹென்றிச் சுருளில் இருப்பது 1 மில்லிஜூல். பாலத்தின் அருகே 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருந்தால் 6 வோல்ட் என்பது ஏறத்தாழ 6.35 வோல்ட் ஆகும், கவலை இல்லை. 100 மைக்ரோஃபாரட் என்றால் 7.5 வோல்ட் வரை போகும். சில்லுக்குப் பக்கத்தில் வழக்கமாக வைக்கும் 0.1 மைக்ரோஃபாரட் மட்டும் இருந்தால், கணக்கு 140 வோல்ட்டைத் தாண்டிச் சொல்கிறது. வேறு எதுவும் உடையாமல் இருந்தால்தான் அந்த எண் வரும், நிச்சயம் உடையும். டையோடுகள் எல்லாம் சரியாக இருந்தும் சில்லு போய்விட்டது என்று வருந்துபவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தப் பெரிய மின்தேக்கியைப் பற்றித்தான்.

வேகம்: அணைந்திருக்கும் நேரத்தில் இரண்டு வழிகள்

வேகத்தைக் குறைக்க மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டியதில்லை. ஒரு வினாடிக்குப் பல ஆயிரம் முறை போட்டு அணைத்து, போட்டிருக்கும் நேரத்தின் பங்கை மாற்றினால் போதும். இதுவே துடிப்பு அகலக் கட்டுப்பாடு. பாதி நேரம் போட்டு பாதி நேரம் அணைத்தால் மோட்டாருக்குச் சராசரியாக 3 வோல்ட் என்று எல்லா விளக்கங்களும் சொல்லும். அது உண்மையா என்பது, அணைந்திருக்கும் பாதியில் மின்னோட்டத்துக்கு எந்த வழியை விட்டுவைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

முதல் வழியை மேலேயே பார்த்துவிட்டோம்: நான்கையும் அணைப்பது. அப்போது மின்னோட்டம் பேட்டரியை எதிர்த்து ஏற வேண்டியிருக்கிறது. மோட்டாரின் முனைகளில் 6 வோல்ட் தலைகீழாக விழுகிறது. மின்னோட்டம் விரைவாகச் சரிந்துவிடும்.

இரண்டாவது வழியில் இடமேலைப் போட்டபடியே வைத்துக்கொண்டு வலக்கீழை மட்டும் போட்டு அணைக்கிறோம். வலக்கீழ் அணைந்ததும் மின்னோட்டம் வலமேல் டையோடு வழியாக மேலே ஏறி, நேர்முனைக் கம்பியில் குறுக்கே நடந்து, இடமேல் சுவிட்சு வழியாக இறங்கி, மீண்டும் மோட்டாருக்குள் நுழைகிறது. பேட்டரியை அது தொடுவதே இல்லை. எதிர்த்து நிற்க எதுவும் இல்லாததால் மெதுவாகத்தான் தணிகிறது.

இந்த இரண்டுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பார்க்க நம் மோட்டாரின் தண்டைப் பிடித்துக்கொள்வோம். வினாடிக்கு 20,000 முறை, பாதிக்குப் பாதி. ஒரு சுற்று 50 மைக்ரோவினாடி. போட்டிருப்பது 25, அணைந்திருப்பது 25.

முதல் வழியில், முதல் 25 மைக்ரோவினாடியில் மின்னோட்டம் சுழியிலிருந்து 75 மில்லிஆம்பியர் வரை ஏறுகிறது. அடுத்த 25-இல் அதே 6 வோல்ட் எதிர்த்திசையில் தள்ளுவதால் மீண்டும் சுழிக்கு இறங்கிவிடுகிறது. சராசரி 40 மில்லிஆம்பியருக்கும் குறைவு. இந்த மோட்டார் சும்மா ஓடுவதற்கே 200 வேண்டும். அசையாது.

இரண்டாவது வழியில் அணைந்திருக்கும் நேரத்தில் மின்னோட்டம் கிட்டத்தட்ட இறங்குவதே இல்லை. சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 600 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் கீழே போய் நிலைக்கிறது. அந்த அளவைச் சுற்றி வெறும் 40 மில்லிஆம்பியர் அளவுக்குத்தான் மேலும் கீழும் அலைகிறது. 3 வோல்ட்டை 5 ஓமால் வகுத்தால் என்ன வருமோ அதுதான். சராசரி 3 வோல்ட் என்ற வாக்குறுதி இங்கேதான் நிறைவேறுகிறது.

ஒரே மோட்டார், ஒரே துடிப்பு, ஒரே அகலம். ஒன்றில் 40 மில்லிஆம்பியர், மற்றதில் 600. அதிர்வெண்ணை உயர்த்தினால் இரைச்சல் போகும் என்று கேள்விப்பட்டு உயர்த்திப் பார்த்து, மோட்டார் செத்தேபோய்விட்டது என்று திகைப்பவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவே.

இரண்டாவது வழியை நம்புவதற்குக் கடினமாக இருந்தால் இரண்டு மல்டிமீட்டர்களை எடுங்கள். ஒன்றைப் பேட்டரியோடும் மற்றொன்றை மோட்டாரோடும் தொடராக, இரண்டையும் டி.சி. ஆம்பியர் அளவில் இணைத்து, பாலத்தின் நேர், எதிர் முனைகளுக்குக் குறுக்கே அந்தப் பெரிய மின்தேக்கியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தண்டைச் சில வினாடிகள் பிடித்துப் பாருங்கள். சுருள் சூடாகும், நீண்ட நேரம் வேண்டாம். பேட்டரியின் மீட்டர் ஏறத்தாழ 0.3 காட்டும். மோட்டாரின் மீட்டர் ஏறத்தாழ 0.6 காட்டும். முதல் முறை பார்ப்பவர் மீட்டர் கெட்டுவிட்டது என்றே நினைப்பார். கெடவில்லை. பேட்டரி பாதி நேரம்தான் கொடுக்கிறது. மீதிப் பாதியில் மோட்டாரில் ஓடுவது டையோடு வழியாகத் தானே சுற்றிவரும் மின்னோட்டம். பேட்டரி 6 வோல்ட்டில் 0.3 கொடுக்கிறது, மோட்டார் 3 வோல்ட்டில் 0.6 வாங்குகிறது. பெருக்கிப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. டையோடு என்பது அவசர காலத்துக்கு மட்டும் வரும் காவலாளி இல்லை. வேகக் கட்டுப்பாட்டில் அது முழுநேர ஊழியன், பாதி நேரம் முழு மின்னோட்டத்தையும் அதுவே சுமக்கிறது. அதனால் எந்த டையோடு என்பது முக்கியம். பவர் சப்ளைகளில் தாராளமாகக் கிடைக்கும் 1N4007 இதற்கு ஏற்றதல்ல. அது அணைவதற்குச் சோம்பல்படும் வகை. சுவிட்ச் மறுபடி போடப்பட்ட பிறகும் சிறிது நேரம் தலைகீழாகக் கடத்திக்கொண்டே இருக்கும். அந்தக் கணத்தில் அதே காலின் மேலும் கீழும் இணைந்ததாகிவிடும். ஒரு முறை நடந்தால் பாதகமில்லை, வினாடிக்கு 20,000 முறை நடந்தால் சுவிட்சும் டையோடும் சேர்ந்து சூடேறும். 1N5819 போன்ற ஷாட்கி வகை 1 ஆம்பியர் அளவுக்கு நன்றாகப் பொருந்தும். மாஸ்ஃபெட்டுகளுக்கு உள்ளேயே ஒரு டையோடு இயல்பாக அமைந்திருக்கிறது என்பதால் அவற்றைக் கொண்ட சில்லுகளில் வெளியே எதுவும் இல்லாததைக் கண்டு பதற வேண்டாம்.

ஒரே மாதிரி தோன்றும் முனைகள்

பரவலாகக் கிடைக்கும் L298N என்ற எச் பாலப் பலகையில் ENA, IN1, IN2 என்று மூன்று முனைகள் இருக்கும். IN1, IN2 திசைக்கு, ENA வேகத்துக்கு என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். ENA தாழும்போது அந்தப் பாலத்தின் நான்கு சுவிட்சுகளும் அணைகின்றன. அதாவது முதல் வழி. குறைந்த அதிர்வெண்ணில் இது ஒருவழியாக ஓடிவிடும். 490 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு சுற்றும் 2 மில்லிவினாடி நீள்வதால் மின்னோட்டம் ஏற நேரம் கிடைக்கிறது. ஆனால் சுமை ஏற்றினால் வேகம் சட்டென்று விழும், கூடவே முனகலும் கேட்கும்.

அதே பலகையில் இரண்டாவது வழி வேண்டுமென்றால் ENA-வை உயர்த்தியே வைத்துவிட்டு, ஒரு IN முனையை உயர்த்தி, மற்றொன்றில் துடிப்பைக் கொடுக்க வேண்டும். துடிப்பு தாழும்போது மோட்டாருக்கு மின்சாரம். உயரும்போது இரண்டு மேல் சுவிட்சுகளும் போட்ட நிலை, மின்னோட்டம் மேலேயே சுற்றும். அகலம் தலைகீழாகிவிடுவதால் 255-இலிருந்து கழிக்கிறோம்:

```
const int IN1 = 9;
const int IN2 = 10;

void drive(int v) {        // -255 ... 255
  if (v >= 0) {
    digitalWrite(IN1, HIGH);
    analogWrite(IN2, 255 - v);
  } else {
    digitalWrite(IN2, HIGH);
    analogWrite(IN1, 255 + v);
  }
}
```

ஆர்டுயினோ ஊனோ பலகையில் 9, 10 ஆகிய முனைகள் இயல்பாக 490 ஹெர்ட்ஸில் துடிக்கின்றன. `setup()` பகுதியில், `pinMode` வரிகளோடு, இந்த ஒரு வரியைச் சேர்த்தால் ஏறத்தாழ 3,900 ஹெர்ட்ஸ் ஆகும்:

```
TCCR1B = (TCCR1B & 0b11111000) | 0x02;
```

`0x02` என்பதை `0x01` ஆக்கினால் 31,000 ஹெர்ட்ஸைத் தாண்டும், காதுக்கு எட்டாது. ஆனால் L298 பழைய தலைமுறைச் சில்லு, அவ்வளவு வேகத்துக்கு அது ஓடாது, சூடாவதுதான் மிச்சம். மெல்லிய கீச்சொலியைப் பொறுத்துக்கொண்டு 3,900-இலேயே விட்டுவிடுவேன். இந்தச் சில்லின் பெரிய குறை வேறொன்று. 1 ஆம்பியர் ஓடும்போது இதன் இரண்டு டிரான்சிஸ்டர்களும் சேர்ந்து 1.8 முதல் 3.2 வோல்ட் வரை விழுங்கிவிடும். 12 வோல்ட்டில் அதை மன்னிக்கலாம். நம் 6 வோல்ட் மோட்டாருக்குப் பாதியே மிஞ்சக்கூடும்.

சிறு மோட்டாருக்கு TB6612FNG போன்ற மாஸ்ஃபெட் சில்லுகளையே நான் தேர்ந்தெடுப்பேன். இழப்பு மிகக் குறைவு, 31,000 ஹெர்ட்ஸையும் தாங்கும். அதிலும் வேகத்துக்கென்று ஒரு தனி முனை உண்டு, பார்ப்பதற்கு ENA மாதிரியே இருக்கும். ஆனால் அது தாழும்போது நான்கும் அணைவதில்லை; மோட்டாரின் இரு முனைகளும் இணைக்கப்படுகின்றன. ஆகவே அங்கே வேக முனையில் துடிப்பைக் கொடுப்பதே இரண்டாவது வழி. எந்தச் சில்லை வாங்கினாலும் அதன் தரவுத்தாளில் இருக்கும் உண்மை அட்டவணையில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: வேக முனை தாழ்ந்திருக்கும்போது வெளியீடுகள் என்ன ஆகின்றன என்ற வரி.

மேலே உள்ள நிரலில் `drive(0)` என்றால் L298N பலகையில் பிரேக் விழும், தன்போக்கில் ஓடி நிற்காது. அதற்கு ENA-வைத் தாழ்த்த வேண்டும்.

திசை மாற்றும் கணம்

முழு வேகத்தில் ஓடும் மோட்டாரை உடனே எதிர்த்திசைக்கு மாற்றினால் என்ன ஆகும்? நினைவில் வைக்கச் சொன்ன 5 வோல்ட் இப்போது வருகிறது. மோட்டார் இன்னும் பழைய திசையில் சுழன்றுகொண்டிருப்பதால் அதன் எதிர் மின்னழுத்தம் 5 வோல்ட் அப்படியே இருக்கிறது. ஆனால் பேட்டரியைத் திருப்பிப் போட்டதால் அது இப்போது பேட்டரியை எதிர்க்கவில்லை, அதோடு சேர்ந்துகொள்கிறது. 6-உம் 5-உம் 11 வோல்ட். 5 ஓமில் 2.2 ஆம்பியர். தண்டைப் பிடித்து நிறுத்தினால்கூட 1.2 தான் எடுக்கும் மோட்டார் இது. அந்த 1.2-ஐப் பார்த்து சில்லை வாங்கியவர் திசை மாற்றும்போதெல்லாம் அதைச் சித்திரவதை செய்கிறார். முதலில் பிரேக் போட்டால் 5 வோல்ட் மட்டும் 5 ஓமில் விழுந்து 1 ஆம்பியர். கொஞ்ச நேரம் அப்படி நிற்கவிட்டுப் பிறகு மாற்றலாம். அல்லது வேகத்தைப் படிப்படியாகச் சுழிக்குக் கொண்டுவந்து மறுபக்கம் ஏற்றலாம்.

திசை மாறும் கணத்தில்தான் குறுக்கோட்டமும் நடக்கிறது. எந்த டிரான்சிஸ்டரும் சொன்ன உடனே அணையாது. மேல் சுவிட்ச் முழுவதும் அணையும் முன் அதே காலின் கீழ்ச் சுவிட்ச் போட்டுவிட்டால் நேர்முனை எதிர்முனையோடு சேர்ந்துவிடும். அதனால் அணைப்பதற்கும் போடுவதற்கும் நடுவே நான்குமே அணைந்திருக்கும் ஒரு சிறு இடைவெளி விட வேண்டும். சிறு மாஸ்ஃபெட்டுகளுக்கு ஒரு மைக்ரோவினாடி போதும். இந்த வகைச் சில்லுகள் பெரும்பாலும் அதைத் தாமே பார்த்துக்கொள்ளும். நான்கு மாஸ்ஃபெட்டுகளைத் தனித்தனியாகக் கோத்திருந்தால் அது நிரல் எழுதுபவரின் பொறுப்பு. அந்த இடைவெளியில் மின்னோட்டம் எங்கே போகும் என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை, டையோடுகள் இருக்கின்றன.

தனித்தனியாகக் கோத்தவர்களுக்கு இன்னோர் ஆபத்து மைக்ரோகண்ட்ரோலர் விழித்தெழும் நேரத்தில் வருகிறது. நிரல் ஓடத் தொடங்கும் வரை அதன் முனைகள் எதிலும் சாராமல் மிதந்துகொண்டிருக்கும். மாஸ்ஃபெட்டின் கேட் முனையும் அதோடு மிதக்கும், பாதி போட்ட நிலையில்கூட நிற்கும். நிரலை ஏற்றும்போது மோட்டார் ஒரு துள்ளு துள்ளினால் காரணம் அதுவே. ஒவ்வொரு கேட்டிலிருந்தும் அது அணைந்திருக்கும் பக்கத்துக்கு ஒரு 10 கிலோஓம் மின்தடையை இழுத்துவிட்டால் அடங்கிவிடும்.

சொந்தமாகக் கட்டிய பாலத்துக்கு முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது நான் மோட்டாரை இணைப்பதே இல்லை. பேட்டரியின் நேர்க் கம்பியில் 6 வோல்ட் சிறு பல்பு ஒன்றைத் தொடராக வைத்துவிட்டு, நிரலை ஓடவிட்டு இரு திசைக்கும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். மோட்டார் இல்லாதபோது பல்பு எரிய எந்தக் காரணமும் இல்லை. தொடர்ந்து எரிந்தால் ஒரு காலில் மேலும் கீழும் சேர்ந்து போட்டிருக்கின்றன, அல்லது ஒரு டையோடு தலைகீழாக இருக்கிறது. திசை மாறும்போது மட்டும் கண் சிமிட்டினால் இடைவெளி போதவில்லை. பல்பு இருண்டே இருந்தால் அதைக் கழற்றிவிட்டு மோட்டாரை இணைக்கலாம்.